தூக்கிய வண்டிக்கு யார் கணக்கில் எவ்வளவு? வாடகைக் கொள்முதல் பாடத்தின் மீது ஒரு விமர்சனம்

பி.காம். படித்த யாருக்கும் 'வாடகைக் கொள்முதல் முறை' என்ற பாடம் மறந்திருக்காது. அதில் ஒரு கணக்கு நிச்சயம் வரும். ஒருவர் தவணையில் வண்டி வாங்குவார். ஒன்றிரண்டு தவணை கட்டுவார், அடுத்தது கட்ட மாட்டார். விற்றவர் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார். 'இருவர் ஏடுகளிலும் பதிவுகளைத் தருக' என்று கேள்வி முடியும். பாடநூல் இதற்கு 'சரக்கைத் திரும்பக் கைப்பற்றுதல்' என்று பேர் வைத்திருக்கிறது. வேப்பூர் கூட்டுரோட்டில் நின்று கேட்டால் 'டியூ கட்டல, வண்டியத் தூக்கிட்டாங்க' என்பார்கள். இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான். ஆனால் பாடநூலின் பதிவு முறை அந்த நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்திவிடுகிறது என்பது என் வாதம். அப்படி நிறுத்துவதால் வாங்கியவரின் பணம் ஒரு பகுதி ஏட்டிலிருந்தே காணாமல் போகிறது. எப்படி என்று ஒரு கணக்கை முழுக்கப் போட்டுப் பார்த்துவிடலாம்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் மின்சாதன பீங்கானும் செய்யும் சிறு பட்டறைகள் நிறைய. சரக்கை ஏற்றி வேப்பூர் வழியாகச் சென்னை–திருச்சி நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக ஒருவர் குட்டியானை வண்டி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு புரிய வேண்டும் என்பதற்காக எண்களை உருண்டையாகவே வைக்கிறேன். நிஜத்தில் தவணை மாதாமாதம் வரும். இங்கே பாடநூல் போலவே ஆண்டுத் தவணை.

ரொக்க விலை 4,00,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1 அன்று முன்பணம் 1,00,000. மீதி 3,00,000-ஐ மூன்று ஆண்டுகளில், ஆண்டுக்கு 1,00,000 அசலும் நிலுவை மீது 10 சதவீத வட்டியுமாகக் கட்ட வேண்டும். ஆகவே தவணைகள் 1,30,000, 1,20,000, 1,10,000. முன்பணத்தோடு கூட்டினால் வாடகைக் கொள்முதல் விலை 4,60,000. நம்ம ஆள் முன்பணமும் முதல் தவணையும் கட்டிவிட்டார். அதாவது அவர் கையிலிருந்து போனது 2,30,000. 2024 மார்ச் 31-ல் கட்ட வேண்டிய இரண்டாம் தவணையைக் கட்டவில்லை. வண்டியைத் தூக்கிவிட்டார்கள்.

முதலில் வாங்கியவர் ஏடு. வண்டியை 4,00,000-க்குப் பற்று வைத்து, குறைந்து செல் மதிப்பு முறையில் 20 சதவீதம் தேய்மானம் எழுதி வந்திருக்கிறார். முதல் ஆண்டு 80,000, இரண்டாம் ஆண்டு 64,000. ஏட்டில் வண்டியின் மதிப்பு இப்போது 2,56,000. விற்றவருக்குக் கட்ட வேண்டிய பாக்கி, அசல் 2,00,000-மும் அந்த ஆண்டு வட்டி 20,000-மும் சேர்த்து 2,20,000. பாடநூல் சொல்லும் பதிவு இது:

விற்றவர் கணக்கு பற்று 2,20,000
வண்டிக் கணக்கு வரவு 2,20,000

வண்டிக் கணக்கில் மிஞ்சும் 36,000-ஐ இலாப நட்டக் கணக்குக்கு நட்டமாக மாற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். விற்றவர் கணக்கும் மூடியாச்சு, வண்டிக் கணக்கும் மூடியாச்சு.

அடுத்து விற்றவர் ஏடு. அவர் வண்டியைத் தன் மதிப்பீட்டின்படி ஏற்க வேண்டும். கேள்வியிலேயே 'விற்றவர் ஆண்டுக்கு 30 சதவீதத் தேய்மானத்தில் மதிப்பிட்டார்' என்பதுபோல ஒரு வரி இருக்கும். 4,00,000-க்கு இரண்டு ஆண்டு 30 சதவீதம் குறைத்தால் 1,96,000. வாங்கியவர் தர வேண்டியது 2,20,000. ஆகவே திரும்பப் பெற்ற சரக்குக் கணக்கில் 1,96,000, வித்தியாசம் 24,000 நட்டம். வாங்கியவர் கணக்கு மூடப்படும். பிறகு வண்டியைப் பழுது பார்க்க, யார்டில் நிறுத்தி வைக்க 10,000 செலவு. 2024 ஜூலையில் 2,55,000-க்கு விற்பனை. திரும்பப் பெற்ற சரக்குக் கணக்கில் அடக்கம் 2,06,000, விற்பனை 2,55,000, இலாபம் 49,000.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தூக்கிய நாளில் வாங்கியவருக்கு 36,000 நட்டம், விற்றவருக்கும் 24,000 நட்டம். இருவருமே நட்டப்பட்டதாக ஏடு சொல்கிறது. நான்கு மாதம் கழித்து விற்றவருக்கு 49,000 இலாபம். முந்தைய நட்டத்தைக் கழித்தால் நிகரமாக 25,000. அந்த 25,000 எங்கிருந்து வந்தது? வண்டி விற்ற நிகரத் தொகை 2,45,000. வர வேண்டிய பாக்கி 2,20,000. பாக்கிக்கு மேல் கிடைத்ததுதான் இந்த 25,000.

விற்றவர் வண்டியை எந்த மதிப்புக்கு ஏற்றார் என்பது இந்த நிகரத் தொகையைத் தொடவே இல்லை என்பதையும் கவனியுங்கள். 1,96,000-க்குப் பதில் 1,50,000 என்று மதிப்பிட்டிருந்தால் மார்ச் மாத நட்டம் 70,000 ஆகும், ஜூலை இலாபம் 95,000 ஆகும். வித்தியாசம் அதே 25,000. மதிப்பீடு செய்யும் ஒரே வேலை, ஓர் ஆண்டின் இலாபத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது. மார்ச் 31-ல் நட்டம் காட்டி, அடுத்த நிதியாண்டில் இலாபம் காட்டலாம். தேர்வில் இந்தச் சதவீதத்தைக் கேள்வியே கொடுத்துவிடுவதால், அதை யார் எதை வைத்து முடிவு செய்தார் என்று மாணவர் ஒருநாளும் கேட்பதில்லை. நிஜத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் கணக்கைப் படிக்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வாங்கியவர் ஏட்டில் அந்த 25,000-க்கு இடமே இல்லை. விற்றவர் கணக்கைத் தூக்கிய அன்றே முழுசாக மூடிவிட்டதால், பிறகு வண்டி என்ன விலைக்குப் போனாலும் அவருக்குச் சம்பந்தம் இல்லை என்று ஆகிவிடுகிறது. கூடுதலாக விற்றால் அது விற்றவர் இலாபம். சரி, குறைவாக விற்றால்? வண்டி அடிபட்டுக் கிடந்து, செலவு போக 1,70,000 மட்டும் கிடைத்தது என்று வைப்போம். பாக்கியில் 50,000 இன்னும் நிற்கும். பாடநூலின்படி வாங்கியவர் கடன் தீர்ந்துவிட்டது. ஆனால் நடப்பில் என்ன ஆகும் என்று வண்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: 'வண்டிய எடுத்துட்டுப் போயி வித்துட்டு, இன்னும் இவ்ளோ பாக்கி இருக்குன்னு நோட்டீஸ் வரும்.' அவர் ஏட்டில் இல்லாத கடனுக்கு நோட்டீஸ் வருகிறது.

பாடநூல் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. வாடகைக் கொள்முதல் என்பது சட்டப்படி விற்பனை அல்ல. கடைசித் தவணை கட்டி, வாங்கும் உரிமையைப் பயன்படுத்தும் வரை பொருள் கொடுத்தவருடையது. அதுவரை கட்டுவது வாடகை. 1895-ல் இங்கிலாந்தில் ஒரு பியானோ தொடர்பாக வந்த ஹெல்பி எதிர் மேத்யூஸ் வழக்கிலிருந்து தொடர்ந்து வரும் கொள்கை இது. அப்படியென்றால் சொந்தக்காரர் தன் பொருளைத்தான் திரும்ப எடுத்திருக்கிறார். அதை என்ன விலைக்கு விற்றாலும் இலாபம் அவருக்கே. உடன்பாடு முடிந்துபோனதால் வருங்காலத் தவணைகளும் கிடையாது. தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தத் தர்க்கத்தை ஏற்றால் பாடத்தின் முதல் பக்கத்தையே மாற்றி எழுத வேண்டும். வண்டி தனதல்ல என்றால் வாங்கியவர் ஏன் 4,00,000-ஐத் தன் சொத்தாகப் பற்று வைத்தார்? ஏன் தேய்மானம் எழுதினார்? வாடகைக்கு எடுத்த கடைக்கு யாராவது தேய்மானம் எழுதுவார்களா? வெறும் வாடகை என்றால், ஓர் ஆண்டு வண்டியை ஓட்டிவிட்டுக் கட்டாமல் விட்ட 1,20,000 பாக்கி வாடகையும் கடனாக நிற்க வேண்டுமே, அதை ஏன் சேர்த்து மூடுகிறார்கள்? முதல் நாள் பதிவு, வண்டி வாங்கியவருடையது, விற்றவர் கடன் கொடுத்தவர் என்ற உண்மை நிலையைப் பிடிக்கிறது. கடைசி நாள் பதிவு, வண்டி எப்போதுமே விற்றவருடையது என்ற சட்ட வடிவத்துக்குத் தாவுகிறது. நடுவில் எந்தப் பக்கத்திலும் இந்தத் தாவலுக்கு விளக்கம் இல்லை. தாவியதன் விலை நம் கணக்கில் 25,000 ரூபாய், அதைக் கொடுத்தவர் வண்டிக்காரர்.

இந்த இரட்டை நிலையை நீதிமன்றங்கள் எப்போதோ கவனித்துவிட்டன. சுந்தரம் பைனான்ஸ் எதிர் கேரள அரசு வழக்கில் 1966-ல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு, பேப்பரில் வாடகைக் கொள்முதல் என்று எழுதியிருந்தாலும் அங்கே நடந்தது கடன்தான், அந்த ஆவணங்கள் கடன் திரும்பி வருவதற்கான பிணையம்தான் என்று சொன்னது. வழக்கு விற்பனை வரி பற்றியது. ஆனால் அதில் உள்ள படம் இன்றும் பொருந்தும்: வாடிக்கையாளர் டீலரிடம் வண்டி வாங்குகிறார், நிதி நிறுவனம் பணம் போடுகிறது. பாடநூலில் 'விற்றவர்' என்று ஓர் ஆள் இருக்கிறார். கூட்டுரோட்டில் அந்த ஆளே இல்லை. டீலர் முதல் நாளே முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிட்டார். மிச்சம் இருப்பது கடன் கொடுத்தவரும் கடன் வாங்கியவரும். கடனுக்குப் பிணையமாக இருந்த பொருளை விற்று, கடனுக்கு மேல் வந்தால் அது யாருக்குச் சேர வேண்டும்? நகை அடகு வைத்த எவருக்கும் இதற்குப் பதில் தெரியும். ஏலத்தில் போன நகைக்குக் கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சுவது நகைக்காரருடையது.

சரியான வாடகைக் கொள்முதலுக்கும் இதே பதிலைத் தர நம் நாட்டில் ஒரு சட்டம் எழுதப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம். அதன் 17-ஆவது பிரிவு கிட்டத்தட்ட ஒரு கணக்குப் பதிவுதான். வாங்கியவர் அதுவரை கட்டியதையும், கைப்பற்றிய நாளில் பொருளின் மதிப்பையும் கூட்டு. கூட்டுத்தொகை வாடகைக் கொள்முதல் விலையைத் தாண்டினால், தாண்டிய தொகையை வாங்கியவர் திரும்பப் பெறலாம். மதிப்பு என்றால் நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல விலை, அதில் கைப்பற்றுவது, நிறுத்தி வைப்பது, பழுது பார்ப்பது, விற்பது ஆகியவற்றுக்கான நியாயமான செலவைக் கழித்தது. விற்றவர் இஷ்டத்துக்குச் சதவீதம் போட முடியாது.

நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். கட்டியது 2,30,000. வண்டியின் மதிப்பு, ஜூலை விற்பனையையே அளவாக வைத்தால், செலவு போக 2,45,000. மொத்தம் 4,75,000. வாடகைக் கொள்முதல் விலை 4,60,000. வண்டிக்காரருக்குத் திரும்ப வர வேண்டியது 15,000. ஏன் 25,000 வரவில்லை? 4,60,000-க்குள் மூன்றாம் ஆண்டு வட்டி 10,000-மும் இருக்கிறது. வண்டியே இல்லாத ஆண்டுக்கான வட்டி அது. அந்த வகையில் சட்டமும் விற்றவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. ஆனாலும் அப்படி ஒரு பதிவு எழுதியே ஆக வேண்டும் என்று சொன்னது. அந்தச் சட்டம் ஒருநாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றி முப்பது ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்து, 2005-ல் ரத்து செய்யப்பட்டது. அது அமலுக்கு வந்திருந்தால் நம் பாடநூலில் 'வாங்கியவருக்குத் தர வேண்டிய உபரி' என்று ஒரு வரி தானாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை வாடகைக்கு ஓட்டும் தொழிலில் இருக்கிறவர்களுக்கு வருமான வரி விதிகளில் தேய்மானம் 30 சதவீதம். நம்ம ஆள் தன் ஏட்டிலும் அதே 30 சதவீதத்தை எழுதி வந்திருந்தால், வண்டியின் ஏட்டு மதிப்பு 1,96,000. பாக்கி 2,20,000. பாடநூல் பதிவின்படி அவருக்கு 24,000 இலாபம்! தொழிலுக்கு இருந்த ஒரே வண்டி போயிற்று, 2,30,000 கட்டியது போயிற்று, ஏடு மட்டும் இலாபம் காட்டுகிறது. கடன் உண்மையிலேயே தீர்ந்திருந்தால் அந்த இலாபத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. தீராமல் 50,000-க்கு நோட்டீஸ் வந்தால், அது வெறும் பொய்யான இலாபம்.

சரி, எப்படி எழுதுவது? பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை. தூக்கிய நாளில் எதையும் மூடாமல் இருந்தால் போதும். வாங்கியவர் ஏட்டில் அன்று செய்ய வேண்டியது, வண்டியை அதே 2,56,000 ஏட்டு மதிப்பில் 'கைப்பற்றப்பட்ட வண்டி' என்ற தனிக் கணக்குக்கு மாற்றுவது மட்டுமே. பாக்கி 2,20,000 அப்படியே நிற்கட்டும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது வண்டி அவ்வளவு போகாது என்று தெரிந்தால் அதற்கு ஓர் ஒதுக்கு வைக்கலாம். விற்பனை விவரம் வந்த பிறகு:

நிதி நிறுவனக் கணக்கு பற்று 2,45,000
கைப்பற்றப்பட்ட வண்டிக் கணக்கு வரவு 2,45,000

இப்போது வண்டிக் கணக்கில் மிஞ்சும் நட்டம் 11,000. நிதி நிறுவனக் கணக்கில் 25,000 பற்று நிலுவை, அதாவது வர வேண்டிய பணம். பாடநூல் காட்டிய நட்டம் 36,000. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 25,000, விற்றவர் ஏட்டில் இலாபமாகப் போன அதே தொகை. வண்டி 1,70,000-க்கே போனால் நட்டம் 86,000 என்று தெரியும், தர வேண்டிய 50,000-மும் ஏட்டில் கண்ணுக்கு முன்னால் நிற்கும். இரண்டு சூழலிலும் ஏடும் நோட்டீஸும் ஒரே கதையைச் சொல்லும்.

விற்றவர் அல்லது நிதி நிறுவனம் தரப்பிலும் அப்படியே. வாடிக்கையாளர் கணக்கைத் திறந்தே வைத்து, குறையும் என்று தோன்றும் 24,000-க்கு ஒதுக்கு மட்டும் வைக்கலாம். விற்றதும் நிகரத் தொகையை வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைத்தால், 25,000 வரவு நிலுவை வரும். அதை வருமானமாக எடுக்கக் கூடாது, அது தர வேண்டிய பொறுப்பு. ஒதுக்கைத் திருப்பி எழுதிவிடலாம்.

இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. விற்பனை விவரம் வாங்கியவர் கைக்கு வந்தால்தான் இரண்டாவது பதிவை எழுத முடியும். வங்கி சாரா நிதி நிறுவனங்களின் கடன் ஒப்பந்தத்தில், வண்டியை எடுக்கும் முன் தரும் நோட்டீஸ் காலம், விற்கும் முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு, ஏல முறை எல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. வண்டி கடனில் இருந்தால் ஆர்.சி.யிலும் அது ஏறியிருக்கும். தூக்கிய பின் நிதி நிறுவனம் தன் பேரில் புது ஆர்.சி. வாங்க மோட்டார் வாகனச் சட்டம் 51-ஆவது பிரிவில் வழி இருக்கிறது, அதற்குப் படிவம் 36. ஆக, வண்டியின் பயணம் ஒவ்வொரு கட்டத்திலும் காகிதத்தில் பதிவாகத்தான் செய்கிறது. வண்டிக்காரர் எழுத்தில் கேட்க வேண்டியவை மூன்று: எடுத்த நாளில் வண்டியின் நிலை பற்றிய பட்டியல், விற்ற விலையும் கழித்த செலவும், அதற்குப் பின் அவர் கடன் கணக்கின் முழு நிலுவை அறிக்கை. மூன்றாவதில் வரவு நிலுவை இருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம். 'கணக்கு முடிஞ்சுது' என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் போதாது.

பாடநூல் எழுதுகிறவர்களிடம் என் கோரிக்கை சின்னது. அந்தக் கணக்கில் 'விற்றவர் 30 சதவீதத்தில் மதிப்பிட்டார்' என்ற வரியோடு நிறுத்தாமல், 'வண்டி இவ்வளவுக்கு விற்றது, விவரம் வாங்கியவருக்கு அனுப்பப்பட்டது' என்று இன்னொரு வரி சேருங்கள். பிறகு இருவர் ஏடுகளையும் எழுதச் சொல்லுங்கள். பத்து மதிப்பெண் கணக்கு பன்னிரண்டு மதிப்பெண் ஆகும். அதை எழுதிப் பழகிய பிள்ளை நாளைக்கு ஒரு நிதி நிறுவனத்தில் கணக்கராக உட்காரும்போது, வரவு நிலுவையைப் பார்த்ததும் அதை இலாபக் கணக்குக்குத் தள்ளாது. அது யாருடைய பணம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கும்.